மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு

வணக்கம் நேயர்களே. மெரினாவில் விடிகாலையில் ஓடுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். அங்கே வருபவர்கள் முழங்காலைப் பற்றிக் கேட்பதைவிட மூச்சைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், மூக்கால விடணுமா, வாயால விடணுமா சார் என்று. இன்றைக்கு அதை மட்டும் பேசுகிறேன், அதையும் ஒருவருடைய ஓட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

போன கோடையில் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வங்கி வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் ஓடிவிடுவார், அதை 32 நிமிடத்துக்குக் கொண்டுவர ஆசை. “மூணாவது கிலோமீட்டர் வந்தா யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு சார், கால் நல்லாத்தான் இருக்கு” என்றார். மறுநாள் அவர் பக்கத்திலேயே ஓடிப் பார்த்தேன். ஓடும்போது வாயைத் திறந்தாலே தப்பு என்று எங்கோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார், அதனால் உதட்டை இறுக மூடியிருந்தார். கலங்கரை விளக்கத்தில் கிளம்பியபோது எல்லாம் சரியாக இருந்தது. காந்தி சிலையைத் தாண்டியதும் மூச்சை இழுக்கும்போதெல்லாம் தோள் காதுப் பக்கம் ஏற ஆரம்பித்தது, மூக்கின் ஓரங்கள் உள்ளே ஒட்டின, உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. உழைப்பாளர் சிலையில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. அப்புறம் ஒரு அடிக்கு இழுத்து அடுத்த அடிக்கு விட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடியேதான் முடித்தார்.

அவர் உடம்பில் குறை எதுவும் இல்லை, கணக்குதான் இடித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும், அதை மூக்கு சுலபமாகத் தரும். வேகம் கூடக்கூடத் தேவை ஏறி, சராசரியாக 35 லிட்டர் பக்கம் வரும்போது பெரும்பாலானவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். அவர் ஆசைப்பட்ட வேகத்துக்கு, என் கணக்கில், 50 லிட்டர் வேண்டும். மூக்கு குறுகலான வழி, அதில் இரண்டு மடங்கு காற்றை இழுக்க இரண்டு மடங்கைவிட அதிக விசை தேவைப்படும். அந்த விசையைக் கொடுக்கத்தான் கழுத்துத் தசையும் தோளும் கூடவே வேலை செய்தன. அவர் சொன்ன கழுத்தைப் பிடிக்கிற உணர்வும் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை, வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு தேங்குவதால் வருவது.

சரி, அப்படியானால் மூக்கு எதற்கு? காற்றை வடிகட்டும், ஈரமாக்கும், சூடாக்கும். அதோடு மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடையும் சேர்த்து உள்ளே அனுப்பும். குளிர்ந்த, வறண்ட ஊர்களில் ஈரமாக்குவது பெரிய விஷயம். நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, ஆகவே வாயைத் திறந்தால் தொண்டை வறண்டு நாசமாகிவிடும் என்று சென்னைக்காரர்கள் ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை. நான் மூக்கை முக்கியமாக வேக அளவுகோலாகத்தான் பயன்படுத்துகிறேன். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வாயை மூடியபடி ஓட முடியவில்லை என்றால், அன்றைக்கு நீங்கள் மெதுவாக ஓடவில்லை என்று அர்த்தம். மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே வாய் திறந்துகொள்ளும், அப்போது வேகத்தைக் குறையுங்கள், மூக்கோடு சண்டை போடாதீர்கள். சளி பிடித்த நாளில் இந்த அளவுகோல் செல்லாது.

இப்போது வேகமான ஓட்டத்துக்கு வருவோம், அந்த அம்மாவின் பிரச்சினை உண்மையில் இங்கேதான் இருந்தது. வாயைத் தாமதமாகத் திறந்தார், திறந்த பிறகு மூச்சை மிகவும் குட்டையாக்கிவிட்டார். அவருடைய கால் நிமிடத்துக்கு 168 அடி வைக்கும். ஒரு அடி இழுத்து ஒரு அடி விட்டால் 84 மூச்சு, 50 லிட்டரை அதில் பகிர்ந்தால் ஒரு மூச்சுக்கு 600 மில்லி கூட வராது. அதில் சுமார் 150 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. 84 தடவை அப்படி வீணானால் நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் போய்விடும். அதே 50 லிட்டரை இரண்டு அடி இழுத்து இரண்டு அடி விட்டு எடுத்தால் 42 மூச்சுதான் வரும், வீணாவதும் 6 லிட்டர் சொச்சத்தோடு நின்றுவிடும். வெளியிலிருந்து எடுக்கும் காற்று மாறவில்லை, உபயோகமாகும் காற்று கூடிவிட்டது.

இந்த இரண்டுக்கு இரண்டு என் கண்டுபிடிப்பு இல்லை. டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-ல் ஓடும் விலங்குகளின் மூச்சை அளந்து எழுதினார்கள். நான்கு காலில் பாய்ந்தோடும் விலங்குக்குப் பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டாயம் மாதிரி அமைந்துவிடுகிறது. மனிதனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பல தாளங்கள் வரும், ஆனால் அதிகம் தென்பட்டது நான்கு அடிக்கு ஒரு மூச்சுதான்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான். வாரத்தில் இரண்டு நாள் மெதுவோட்டம், மூக்கு மட்டும், மூன்று அடி இழுத்து மூன்று அடி விடுவது. ஒரே ஒரு நாள் வேகம். 3 நிமிடம் வேகமாக ஓடிவிட்டு 2 நிமிடம் நடப்பது, இப்படி நான்கு தடவை. வேகம் எடுத்த முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே, மூச்சு முட்டுவதற்கு முன்பாகவே, வாயும் மூக்கும் இரண்டும் திறந்திருக்க வேண்டும், தாளம் இரண்டுக்கு இரண்டு. எண்ணும்போது விடுவதை எண்ணச் சொன்னேன், இழுப்பதை அல்ல. முழுசாக விட்டால் இழுப்பது தானாக நடக்கும், தோளும் ஏறாது. நடக்கும்போது வாயை மறுபடி மூடி வசதியாக மூச்சு விட எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கச் சொன்னேன். முதல் வாரம் 2 நிமிடமும் போதவில்லை. ஐந்தாவது வாரத்தில் 70 நொடி. நான்காவது தடவை முதல் தடவையைவிட ரொம்ப அதிக நேரம் எடுத்தால், அன்றைக்கு வேகம் மிஞ்சிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. ஓட்டம் முழுக்க எண்ணிக்கொண்டே ஓடியதில் உடம்பு விறைத்துப்போனது. அப்புறம் சிலைக்குச் சிலை மட்டும் எண்ணினார், காந்தி சிலையில் பத்து மூச்சு, கண்ணகி சிலையில் பத்து, மீதி நேரம் அதன் போக்கில் விட்டுவிடுவது. கடைசி 400 மீட்டரில் இரண்டுக்கு இரண்டு போதாமல் போகும், அங்கே இரண்டு அடி இழுத்து ஒரு அடியில் விடலாம், நிமிடத்துக்கு 56 மூச்சு. ஆனால் அதை முதல் கிலோமீட்டரிலேயே ஆரம்பித்தால் மறுபடி பழைய கதைதான். இரண்டு மாதத்தில் 33 நிமிடத்துக்கு வந்துவிட்டார், இன்னும் 32-ஐத் தொடவில்லை.

ஓடி முடித்த பிறகு இருமலோ நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தமோ வந்தால் தாளத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். வாயில் டேப் ஒட்டிக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம். வாய் வழியே போகும் காற்றுக்கு மூக்கின் வடிகட்டல் கிடையாது, அதனால் போகிப் புகை நிற்கும் காலையில் நாங்கள் வேக ஓட்டம் வைப்பதில்லை. அந்த அம்மாவும் அன்றைக்கு ஷூவை எடுப்பதில்லை, பொங்கல் முடிந்துதான் வருவார்.