நூல்காரருக்கு ஒரு கடிதம்

வணக்கம். திருப்பூரில் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். நூல் பாக்கிக்குக் கெடு நெருங்கினால் போனை எடுக்காமல் இருப்பதுதான் இங்கே பலர் செய்கிற தப்பு. கெடுவுக்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

ஒரு பனியன் கம்பெனிக்காரர். நூல் மில்லிடமிருந்து ஜூன் 10 தேதியிட்ட பில், ரூ.4,80,000, முப்பது நாள் கெடு. எக்ஸ்போர்ட்டரிடமிருந்து வர வேண்டிய பணம் தள்ளிப்போய்விட்டது. ஜூலை 3 அன்று ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். "சற்று அவகாசம் தாருங்கள், விரைவில் செட்டில் செய்கிறோம்" என்று எழுதியிருந்தார். 'விரைவில்' என்பதை அடித்துவிட்டேன். மில்லின் கணக்குப் பிரிவுக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? அவர்கள் குறித்துக்கொள்ளத் தேதியும் தொகையும் வேண்டும்.

சரி, தொகையை எப்படி முடிவு செய்வது? கையிருப்பில் முதலில் இரண்டு சனிக்கிழமைச் சம்பளத்தைக் கழித்தோம். அதைத் தொட்டால் மெஷின் நின்றுவிடும். அப்புறம் கரண்ட் பில், சாயப்பட்டறைக் கூலி. மிஞ்சியது ரூ.1,20,000. அதைக் கெடு நாளான ஜூலை 10 அன்றே கட்டுவதாக எழுதினோம். எக்ஸ்போர்ட்டர் 22ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஐந்து நாள் தள்ளி, 27ஆம் தேதி ரூ.2,00,000 என்று போட்டோம். மீதி ரூ.1,60,000 ஆகஸ்ட் 14. பில் நம்பர், தாமதத்துக்கு ஒரே வரியில் காரணம், மூன்று தேதிகள், "பாக்கி தீரும்வரை புது நூலுக்கு ரொக்கம் தருகிறோம்", "சம்மதம் என்றால் பதில் எழுதித் தாருங்கள்" — அவ்வளவுதான் கடிதம். அரைப் பக்கம்கூட வரவில்லை.

மில் மேனேஜர் மறுநாளே போன் செய்தார். மூன்று தேதிக்கும் பின்தேதியிட்ட காசோலை கேட்டார். இங்கே கவனம் தேவை. பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்காகலாம். அதனால் கையில் இருந்த முதல் தொகைக்கு மட்டும் காசோலை கொடுத்தோம். மற்ற இரண்டும் வங்கி வழியாக என்று பேசினோம். அவர் ஒப்புக்கொண்டு மின்னஞ்சலும் அனுப்பினார். இரண்டாம் தவணைப் பணம் மூன்று நாள் பிந்தியது. கம்பெனிக்காரர் 26ஆம் தேதி காலையிலேயே மில்லைக் கூப்பிட்டுச் சொன்னார். கெடுவுக்கு முன்பே, மறுபடியும்.

நேரம் முடியப்போகிறது, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மில் பெரியது. உங்களுக்குச் சரக்குத் தருகிறவர் குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவு செய்த உற்பத்தியாளர் என்றால், இருவரும் எழுதிக்கொண்டாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சட்டப்படி அவர் வட்டி கேட்கலாம். அப்படித் தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நின்றால், கட்டுகிற வருஷம்வரை வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே அவருடைய உத்யம் பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகு தேதிகளைப் போடுங்கள். வணக்கம்.