நெல்லை விட கம்பு ரெண்டரை மடங்கு தண்ணி குடிக்குதா? மறைநீர் கணக்குல ஒளிஞ்சிருக்கிற குழப்பம்

[திரை: ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் கம்பு. நடுவில் கேள்விக்குறி]

ஒரு கிலோ நெல் விளைய 1,673 லிட்டர் தண்ணி. கம்பு மாதிரி சிறுதானியம் ஒரு கிலோ விளைய 4,478 லிட்டர். ரெண்டுமே உலக சராசரி. நான் மாத்திப் படிக்கலைங்க, ஆராய்ச்சிக் கட்டுரையில அப்படித்தான் இருக்கு. "கம்பு தண்ணியே கேட்காத பயிர்"னு இத்தனை நாளா சொல்லிட்டிருந்தவங்க எல்லாம் கொஞ்சம் உட்காருங்க. கடைசியில நீங்க சொன்னதுதான் சரின்னு ஆகும். ஆனா அதுக்கான காரணம் நீங்க நினைக்கிறது இல்ல.

வரலாறை அரை நிமிஷத்துல முடிச்சிடலாம். விளைபொருளை விளைவிக்க செலவான தண்ணிக்கு மறைநீர்னு பேரு. 1990-கள்ல லண்டன்ல இருந்த பேராசிரியர் டோனி ஆலன் முன்வச்ச கருத்து இது, அவருக்கு 2008-ல ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைச்சது. 2002-ல நெதர்லாந்துக்காரர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா இதை வச்சு 'நீர்த்தடம்'னு ஒரு அளவுகோல் உருவாக்கினார். அவ்வளவுதான். வாங்க வயலுக்குப் போவோம்.

[திரை: பச்சை, நீலம், சாம்பல் என மூன்று துளிகள்]

அந்த 4,478-ஐ உடைச்சுப் பார்த்தா மூணு நிறம் வருது. மண்ணுல விழுந்து, மண்ணுலயே தங்கி, பயிர் உறிஞ்சுன மழை பச்சை நீர். ஆறு, அணை, கிணறு, போர்வெல்ல இருந்து எடுத்துப் பாய்ச்சினது நீல நீர். உரம் கலந்து ஓடுற கழிவை நீர்த்துப்போக வைக்கத் தேவையான அளவு சாம்பல் நீர்.

சிறுதானியத்தோட 4,478-ல 4,306 பச்சை. நீலம் வெறும் 57. நெல்லோட 1,673-ல நீலம் 341. அதாவது அணையிலயும் கிணத்துலயும் கை வைக்கிற கணக்குல நெல்லு ஆறு மடங்கு அதிகம்!

அப்போ கம்போட மொத்தம் மட்டும் ஏன் அப்படி எகிறுது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நின்னு போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது 4,047 லிட்டர். மானாவாரிக் கம்பு விதைப்புல இருந்து அறுப்பு வரைக்கும் ஆவியா விடுற தண்ணி 350 மில்லிமீட்டர்னு வைங்க. ஏக்கருக்கு சுமார் 14 லட்சம் லிட்டர். அறுத்தது 400 கிலோ. வகுத்தா கிலோவுக்கு 3,500 லிட்டர். அடுத்த வருஷம் நல்ல விதை, கொஞ்சம் தொழு உரம், 800 கிலோ விளைஞ்சிடுச்சு. மழை அதே மழைதான். நீர்த்தடம் 1,750-ஆ இறங்கிடும். ஆக, இந்தப் பெரிய எண் கம்போட தாகத்தைச் சொல்லலை, மகசூல் குறைவுங்கிறதைச் சொல்லுது. அந்தக் காட்டுல கம்பே போடலைன்னாலும் புல்லு முளைச்சு அந்த மழையில பெரும்பங்கை ஆவியாக்கத்தான் போகுது.

[திரை: மேட்டூர் அணை, குறுவை நாற்று நடவு]

இப்போ நெல்லு. தஞ்சாவூர்ப் பக்கம் ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பி போடுற குறுவை. 110 நாள் ரகம். ஆவியா போறது 600 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 24.3 லட்சம் லிட்டர்னு வைப்போம். அறுவடை 60 கிலோ மூட்டையில 35 மூட்டை, அதாவது 2,100 கிலோ நெல்லு. மில்லுக்குப் போய் நூத்துக்கு 65 வீதம் அரிசி கிடைச்சா 1,365 கிலோ. ஒரு கிலோ அரிசிக்கு கிட்டத்தட்ட 1,780 லிட்டர்.

"என்னங்க, இன்டர்நெட்ல 3,500, 5,000-னு எல்லாம் போட்டிருக்கே?" அதுவும் பொய் இல்ல. வயலுக்குள்ள விடுற தண்ணி 1,200 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். அதை வச்சு வகுத்தா கிலோ அரிசிக்கு 3,560 லிட்டர் வரும். நடுவுல காணாமப் போன பாதி எங்க? வயலுக்கு அடியில இறங்கிடுச்சு. நல்ல நிலத்தடி நீர் இருக்கிற இடத்துல அது அடுத்த ஆளோட போர்வெல்ல திரும்ப வரும். நாகப்பட்டினம் கடலோரம் மாதிரி அடியில உப்புத் தண்ணி இருந்தா, போனது போனதுதான். அதனால யாராவது ஒரு லிட்டர் கணக்கு சொன்னா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: "ஆவியானதா, பாய்ச்சினதா?"

துளை போட்ட பிவிசி குழாயை வயல்ல புதைச்சு, உள்ள தண்ணி மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ இறங்கின பிறகு பாய்ச்சுற முறை இருக்கே, காய்ச்சலும் பாய்ச்சலும், அது பெரும்பாலும் மிச்சம் பிடிக்கிறது இந்த இறங்குற தண்ணியைத்தான். பயிர் ஆவியா விடுறது பெருசா குறையாது. அதைக் குறைக்கணும்னா பயிரே மாறணும். அங்கதான் நம்ம தட்டு உள்ள வருது.

[திரை: சாப்பாட்டுத் தட்டு, பின்னால் டேங்கர் லாரி]

நாலு பேர் வீடு, மாசம் 30 கிலோ அரிசி. அதுல 10 கிலோவை மானாவாரிக் கம்பா மாத்துறாங்க. குறுவையோட 600 மில்லிமீட்டர்ல மழை 150 கொடுத்துச்சுன்னு வச்சா, மீதி 450 நீல நீர். கிலோ அரிசிக்கு சுமார் 1,330 லிட்டர். பத்து கிலோவுக்கு 13,300 லிட்டர். தெருவுல வர்ற 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒண்ணு, மாசாமாசம், அதுக்கு மேல இன்னும் 1,300 லிட்டர்! காலையில பல் தேய்க்கும்போது குழாயை மூடுறது நல்ல பழக்கம்தான், ஆனா இந்த லாரி பக்கத்துல அது நிக்காது.

இதுல மூணு ஓட்டை இருக்கு, மறைக்க விரும்பலை. கோடையில போர்வெல் போட்டு பாய்ச்சுற இறவைக் கம்பு வாங்கினா லாபம் சுருங்கிடும். வடகிழக்கு மழையில விளையிற சம்பா அரிசின்னா நீல நீர் ஏற்கனவே குறைவு, மிச்சமும் குறையும். கடை மூட்டையில பட்டம் எழுதியிருக்க மாட்டாங்க. மூணாவதுதான் பெருசு: நீங்க ஒருத்தர் வாங்காததால டெல்டாவுல ஒரு மடைகூட மூடாது. கொள்முதல் மாறினாத்தான் நடவு மாறும். அதனாலதான் 2023-ல நீலகிரி, தருமபுரி ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சதை நான் முக்கியமா பார்க்கிறேன்.

கறி பத்தி ஒரு வரி: மாட்டுக்கறி கிலோவுக்கு 15,415 லிட்டர்னு பயமுறுத்துவாங்க, அதுல நீலம் சுமார் 550 மட்டும், மீதி பெரும்பாலும் புல்லும் தீவனமும் குடிச்ச மழை. முட்டை ஒண்ணுக்கு 200 லிட்டர், அது முக்கியமா கோழித் தீவனத்துல இருக்கிற மக்காச்சோளத்தோடவும் சோயாவோடவும் கணக்கு.

[திரை: சூத்திரம்]

உங்க வயலுக்கு நீங்களே போட்டுப் பாருங்க:

```
லிட்டர்/கிலோ = மி.மீ × 4,047 ÷ ஏக்கர் மகசூல் (கிலோ)
```

மில்லிமீட்டர் இடத்துல பாய்ச்சின தண்ணியை மட்டும் போட்டா மழை தனியா நிக்கும். ஊர், பட்டம், மூட்டைக் கணக்கு மூணையும் கமெண்ட்ல போடுங்க. எந்த ஊர் கம்பு 4,478-க்குக் கீழ வருதுன்னு பார்ப்போம்.