வருஷக் கடைசில குடோன்ல நிக்கிற எண்ணெய் டின்னுக்கு என்ன விலை போடறது? ஃபிஃபோவும் வெயிட்டட் ஆவரேஜும்

வணக்கம். மார்ச் 31 ராத்திரி குடோன்ல போய் எண்ணிப் பாத்தா 70 சன்ஃப்ளவர் ஆயில் டின் நிக்குது, 15 கிலோ டின். எண்ணிக்கைல சண்டையே இல்ல, 70 தான். ஆனா போன வருஷ மீதியையும் சேத்து நாலு விதமான விலைக்கு வாங்கின சரக்கு அது, இதுல எந்த விலையைப் போட்டு பெருக்கறது? இந்த ஒரு கேள்விக்குத்தான் இந்த வீடியோ. ஒரு சின்ன மொத்த வியாபாரியோட பர்ச்சேஸ் ஃபைலை வெச்சே முழுசா போட்டுப் பாத்துடலாம்.

(திரையில்: ஏப்ரல் 5 தேதியிட்ட பர்ச்சேஸ் பில்)

கணக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி இந்த பில்லை ஒரு நிமிஷம் நல்லா பாருங்க, ஏன்னா பாதி தப்பு இங்கயேதான் நடக்குது. 100 டின், டின்னு 1,980 ரூபா, ஆக 1,98,000. அதுக்குக் கீழ 5 சதவீதம் ஜிஎஸ்டி 9,900. பில்லோட சேத்து பின் பண்ணின துண்டுச் சீட்டுல லாரி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேத்து 2,000. இப்ப டின்னோட அடக்கம் என்ன? நிறைய பேர் பில்லோட கடைசி வரில இருக்கற மொத்தத்தை எடுத்து 100ஆல வகுத்துடறாங்க, அது தப்பு. அந்த 9,900ஐ இவர் இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கிட்டாரு, அது திரும்பி வந்துடுச்சு, அதனால அடக்கத்துல சேராது. லாரி வாடகையும் கூலியும் திரும்பி வராது, சரக்கை கடைக்குக் கொண்டு வர்றதுக்கு ஆன செலவு, அது சேரணும். ஆக 1,98,000 கூட்டல் 2,000, மொத்தம் 2,00,000, டின்னுக்கு 2,000. ஜிஎஸ்டில காம்போசிஷன் திட்டத்துல இருக்கறவங்களுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அவங்களுக்கு மட்டும் அந்த ஜிஎஸ்டியும் அடக்கம்தான்.

இதே மாதிரி எல்லா பில்லையும் அடக்க விலைக்கு மாத்தி எழுதினா இப்படி வரும்.

(திரையில்: அட்டவணை)

ஏப்ரல் 1, ஓப்பனிங் ஸ்டாக்: 40 டின் × 1,900 = 76,000
ஏப்ரல் 5: 100 டின் × 2,000 = 2,00,000
ஆகஸ்ட் 12: 60 டின் × 2,100 = 1,26,000
ஜனவரி 20: 50 டின் × 2,200 = 1,10,000
மொத்தம்: 250 டின், 5,12,000 ரூபா

250 டின் கைக்கு வந்துச்சு, 70 மீதி இருக்கு, அப்ப 180 வித்திருக்கு.

முதல்ல ஃபிஃபோ. முதல்ல வந்த சரக்கு முதல்ல போகுதுன்னு வெச்சுக்கறது. உடனே கேப்பீங்க, எங்க கடைப் பையன் முன்னாடி அடுக்கி இருக்கறதைத்தான் எடுத்துக் குடுப்பான், பழசு பின்னாடியே கிடக்கும், அப்ப எனக்கு ஃபிஃபோ ஒத்து வருமான்னு. வரும். இது விலையை எந்த வரிசைல செலவா எழுதறதுங்கறதுக்கான முறை, ஒரே சரக்கா இருக்கற வரைக்கும் எந்த டின் நிஜமா வெளிய போச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. முதல்ல வந்ததெல்லாம் போயிடுச்சுன்னா மீதி இருக்கறது கடைசியா வந்ததுதானே, அதனால வேலையை கடைசி பில்லுல இருந்து பின்னாடி நடந்து வந்து செய்யணும். 70 டின் வேணும், ஜனவரி பில்லுல 50 இருக்கு, அது 1,10,000. இன்னும் 20 குறையுது, ஆகஸ்ட் பில்லுக்குப் போறோம், 20 × 2,100, அது 42,000. மொத்தம் 1,52,000. அவ்வளவுதான், ஏப்ரல் பில்லைத் தொடவே வேண்டியதில்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கணக்குக்கு சேல்ஸ் பில் ஒண்ணுகூட தேவைப்படல, கவனிச்சீங்களா? எந்த மாசம் எத்தனை வித்தீங்கன்னு தெரியாட்டியும் ஃபிஃபோ விடை மாறாது. ஒழுங்கான பர்ச்சேஸ் ஃபைலும் நேர்மையா எண்ணின ஸ்டாக்கும் மட்டும் இருக்கற கடைக்கு இது பெரிய வசதி.

அடுத்தது வெயிட்டட் ஆவரேஜ். மொத்த ரூபாயை மொத்த டின்னால வகுக்கணும்: 5,12,000 ÷ 250 = 2,048. அதை 70ஆல பெருக்கினா 1,43,360. இங்க வழுக்கற இடம் என்னன்னா, நாலு விலையையும் கூட்டி நாலால வகுக்கறது. 1,900, 2,000, 2,100, 2,200 கூட்டி வகுத்தா 2,050 வரும், கிட்டத்தட்ட சரி மாதிரியே இருக்கும். அது இந்த ஃபைலோட அதிர்ஷ்டம். ஏப்ரல்ல 100 டின்னுக்கு பதிலா 400 டின் வாங்கியிருந்தா நிஜ சராசரி 2,022க்கு இறங்கிடும், ஆனா இந்த தப்பான முறை அப்பவும் 2,050ன்னே காட்டும். எத்தனை டின் வாங்கினோம்ங்கற எடை அதுல இல்லவே இல்லையே.

இன்னொண்ணு, நாம இப்ப போட்டது வருஷம் முழுசுக்கும் ஒரே சராசரி. ஒவ்வொரு பர்ச்சேஸ் வரும்போதும் அன்னைக்கு கையில இருக்கறதோட சேத்து புதுசா சராசரி எடுக்கற முறையும் இருக்கு, அதுக்கு விற்பனை தேதி கட்டாயம் வேணும். இந்த வியாபாரி ஏப்ரல் சரக்கு வந்ததுக்கு அப்புறம் ஆகஸ்ட் பர்ச்சேஸ் வரைக்கும் 80, அதுக்கப்புறம் ஜனவரி பர்ச்சேஸ் வரைக்கும் 70, கடைசில 30 வித்திருந்தா அந்த முறைல 1,48,250 வரும். ஆக உங்க சாஃப்ட்வேர் காட்டற சராசரியும் நீங்க கையில போட்டதும் ஒத்துப் போகலன்னா, உடனே தப்புன்னு முடிவு பண்ணாதீங்க, ரெண்டுல எந்த சராசரின்னு முதல்ல பாருங்க.

சரி, ஃபிஃபோ 1,52,000, வருஷ சராசரி 1,43,360, வித்தியாசம் 8,640. க்ளோசிங் ஸ்டாக் கூடினா வித்த சரக்கோட அடக்கம் குறையும், ஃபிஃபோல அது 3,60,000, ஆவரேஜ்ல 3,68,640. அதே கடை, அதே விற்பனை, ஃபிஃபோல லாபம் 8,640 கூட தெரியும். விலை ஏறிக்கிட்டே வந்த வருஷம்ங்கறதால அப்படி, இறங்கின வருஷமா இருந்தா தலைகீழா வரும். எந்த முறைல போட்டாலும் வித்ததோட அடக்கத்தையும் க்ளோசிங் ஸ்டாக்கையும் கூட்டினா 5,12,000 வந்தாகணும், வரலன்னா எங்கயோ ஒரு பில் விட்டுப் போச்சு.

(திரையில்: அடக்க விலை, விக்கக்கூடிய விலை, எது குறைவோ அது)

கணக்கு இதோட முடியல. மார்ச் கடைசில எண்ணெய் விலை சரிஞ்சு, விக்கற செலவு போக டின்னுக்கு 2,080 தான் கைக்கு வரும்னு வெச்சுக்கங்க. 70 டின்னுக்கு 1,45,600. ஃபிஃபோ அடக்கம் அதைவிட மேல இருக்கு, அதனால 1,52,000ஐ எழுத முடியாது, 1,45,600க்கு இறக்கணும். ஆவரேஜ்ல போட்டவருக்கு 1,43,360 ஏற்கனவே கீழ இருக்கறதால அப்படியே நிக்கும். விலை ஏறினா மட்டும் அடக்கத்துக்கு மேல ஏத்தக் கூடாது, விக்காத சரக்குல லாபம் காட்ட முடியாது.

எந்த முறையை எடுக்கறதுன்னா, கணக்குத் தரநிலை ஏஎஸ் 2, வருமான வரிக்கான ஐசிடிஎஸ் 2, ரெண்டுமே இந்த மாதிரி சரக்குக்கு ரெண்டு முறையையும் ஒத்துக்குது. கடைசியா வந்தது முதல்ல போகுதுங்கற லிஃபோவை ரெண்டுமே ஏத்துக்கல. ஆனா லாபம் கம்மியா தெரியணும்னு இந்த வருஷம் ஆவரேஜ், அடுத்த வருஷம் ஃபிஃபோன்னு தாவ முடியாது, மாத்தறதுக்கு நியாயமான காரணம் வேணும். தாவினாலும் பெருசா மிச்சம் ஒண்ணும் இல்ல, இந்த மார்ச் 31ல எழுதற 70 டின்னோட மதிப்புதான் ஏப்ரல் 1க்கு ஓப்பனிங் ஸ்டாக்கா போய் உக்காருது, இங்க குறைச்சுக் காட்டின லாபம் அந்த டின் விக்கும்போது அடுத்த வருஷக் கணக்குல வந்துடும்.