சரி என்றால் சரிதான்

நடுவர் வைத்த கேள்வி: “வாட்ஸ்அப் குழுவுல ‘ஓகே’, ‘சரி’ன்னு ஒத்தச் சொல்லுல பதில் வந்தா, போட்டவங்க எரிச்சல்ல இருக்காங்க, இல்ல அலுத்துப்போயி இருக்காங்கன்னு எடுத்துக்கிடலாமா, கூடாதா?”

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி அக்காமார்களே, தம்பிமார்களே, இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைப் பெரியவர்களே, வணக்கம். கூடாது என்ற அணிக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அணியில் எனக்கு முன்னால் பேசிய பெரியவர், நீல டிக் விழுந்தும் பதில் போடாதவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்றைய தலைப்பு பதில் போடாதவர்கள் அல்ல, ஒரு சொல்லாவது போட்டவர்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் வழக்கே கைவிட்டுப் போய்விடும்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். குடம் அடிக்கிறவரும் பக்கத்தில் இருக்கிறவர்களும் ‘ஆமா’ என்பார்கள். விடிய விடிய அந்த ஒரு சொல்தான். அந்த ‘ஆமா’ இல்லையென்றால் புலவரால் அடுத்த வரிக்குப் போக முடியாது. வீட்டில் ஆச்சி கதை சொன்னாலும் பிள்ளையை உம் கொட்டச் சொல்வாள். உம் வருகிற வரைக்கும் பிள்ளை கேட்கிறது என்று அர்த்தம், உம் நின்றால்தான் பிள்ளை அசந்துவிட்டது என்று அர்த்தம். ஒற்றைச் சொல் நமக்கு அலுப்பின் அடையாளமாக இருந்ததே இல்லை. காது கொடுத்திருக்கிறேன் என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் அது.

“ஆமாவுல குரல் இருக்கு, போன்ல குரல் எங்க இருக்கு?” என்று எதிரணி கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். 2005இல் அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல் என்று வாங்கியவர் கண்டுபிடிக்க வேண்டும். 100க்கு 78 முறை கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்ததோ 56. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 கிடைக்கும். குரலில் சொன்னபோது அது 73 ஆனது. முழு வாக்கியத்திலேயே தொனி இவ்வளவு தவறுகிறது என்றால், இரண்டே எழுத்து இருக்கிற ‘சரி’யில் எரிச்சலையும் அலுப்பையும் பிரித்துப் படிக்கிறேன் என்பவர் எதை வைத்துப் படிக்கிறார்? தன் மனதில் அந்த நேரம் ஓடுவதை வைத்துத்தான்.

எதிரணித் தம்பி ஒரு ஆய்வைக் கொண்டுவந்தார். ஒற்றைச் சொல் பதிலின் கடைசியில் புள்ளி வைத்தால் அது மனதார வந்த பதிலாகத் தெரியவில்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள், எனவே நாம் படிப்பது சரி என்று முடித்தார். அந்த ஆய்வு உண்மையானது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்ட்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் குழுவினர் 126 மாணவர்களிடம் நடத்தியது. கையால் எழுதிய சீட்டில் அதே பதிலைக் காட்டினால் புள்ளியால் வித்தியாசம் வரவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தம்பி பாதி தூரம் சரியாக வந்தார். மீதிப் பாதி என்னவென்றால், அந்த ஆய்வு அளந்தது படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை. எழுதியவர் என்ன மனநிலையில் இருந்தார் என்பதை அது அளக்கவே இல்லை. நமக்கு அப்படித் தோன்றுகிறது என்பதற்கு அது சாட்சி. அவர் அப்படித்தான் இருந்தார் என்பதற்கு அல்ல.

இப்போது ஒரு குடும்பக் குழுவை எடுத்துக்கொள்வோம். 23 பேர். வியாழக்கிழமை மாலை 7:10க்கு அண்ணன் ஒரு செய்தி போடுகிறார். “ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்குப் பால்காய்ச்சு. முக்கூடல்ல இருந்து வேன் 5 மணிக்குக் கிளம்பும். சித்தி, எத்தனை பேரு வாரீய? மதினி, அல்வா நீங்கதான் வாங்கிட்டு வரணும், ரெண்டு கிலோவா மூணு கிலோவா? எல்லாருக்கும் சரியா?”

சித்தி ‘சரி’ என்கிறாள். துபாயில் இருக்கும் தம்பி ‘ok’. பெரியப்பா ‘சரி.’ என்று புள்ளி வைத்து. மதினி ‘ம்’. அண்ணனுக்கு முகம் மாறிவிடுகிறது. நான்கு பேருக்கும் இதில் இஷ்டமில்லை என்று முடிவு கட்டுகிறார்.

முதலில் கேள்வியைப் பாருங்கள். தமிழில் ‘ஆ’ போட்டுக் கேட்டால் அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் பதில். வந்தியா? வந்தேன். சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சு. அண்ணன் தன் செய்தியை ‘சரியா’ என்று முடித்தார், ‘சரி’ என்று வந்தது. முன்னால் கேட்ட இரண்டு கேள்விகளையும் அந்தக் கடைசிக் கேள்வி விழுங்கிவிட்டது. “சித்தி, எத்தனை பேரு?” என்று மட்டும் கேட்டிருந்தால் ‘4’ என்று வந்திருக்கும். அதுவும் ஒற்றைப் பதில்தான். ‘4’ என்று போட்டதால் சித்திக்குக் கோபம் என்று உலகத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சுருக்கம் உறுத்துவது, நாம் எதிர்பார்த்த தகவல் அதில் இல்லாதபோதுதான்.

அடுத்து, கையைப் பாருங்கள். சித்தி பீடி சுற்றுகிறாள். மடியில் சொளவு, கையெல்லாம் தூள், அன்றைய 1000 முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி. தூள் படாத ஒரு விரலால் போனைத் தொட்டு ஒரு சொல் போடுகிறாள். துபாயில் அப்போது 5:40. தம்பி கம்பெனி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறான். சில ஆண்ட்ராய்டு போன்களில் செய்தி மேலே வந்து விழும்போதே கீழே இரண்டு மூன்று பதில்களைப் போனே எடுத்து வைப்பதுண்டு, ஒன்றைத் தொட்டால் போதும். அந்த ‘ok’ அவன் எழுதியதாகவே இல்லாமல், தொட்டதாகவும் இருக்கலாம். பெரியப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தநாள் வாழ்த்துக்கும் புள்ளி வைப்பார், துக்கச் செய்திக்கும் புள்ளி வைப்பார். அவருடைய கடைசிப் பத்துப் பதில்களை விரலால் மேலே தள்ளிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தப் பத்துப் பதில் பார்ப்பதுதான் என் அணி வைக்கும் அளவுகோல். ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும், நம்மோடு அல்ல. அதே குழுவில், அதே மாதிரிக் கேள்விக்கு அவர் வழக்கமாக எப்படிப் பதில் போடுவார்? இப்போது அதிலிருந்து விலகியிருக்கிறாரா? நேரத்தையும் பார்க்கலாம். நாம் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து Info-வைத் தொட்டால் யார் எப்போது படித்தார்கள் என்று வரும். குழுவில் மொத்தமாக டிக் நீலமாவது மற்ற 22 பேரும் படித்த பிறகுதான், ஆகவே டிக்கை வைத்துத் தனி ஆள் மேல் முடிவு கட்டக் கூடாது. படித்த அதே நிமிடத்தில் ‘சரி’ வந்திருந்தால், வேலைக்கு நடுவிலும் உங்களைக் காக்கவைக்கக் கூடாதென்று போட்டது என்று எடுத்துக்கொள்ளத்தான் அதிக இடம் இருக்கிறது.

இந்த அளவுகோலில் சித்தி, தம்பி, பெரியப்பா மூவரும் தப்பித்துவிடுகிறார்கள். மதினி தப்பவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை. மதினி எப்போதும் இரண்டு வரி எழுதுகிறவள், “வாரேன் அத்தான், பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன்” என்று. இந்த வாரம் நான்கு முறையும் ‘ம்’ மட்டும்தான். அதில் ஒன்று ராத்திரி 2 மணிக்குப் போட்டது. ஏதோ மாறியிருக்கிறது என்று எதிரணி சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்ன மாறியிருக்கிறது? மதினி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டூட்டி விழுந்திருக்கலாம். அது அலுப்பு. அல்லது அல்வா வாங்குகிற வேலையை அவளிடம் கேட்காமலே 23 பேர் முன்னால் அவள் தலையில் வைத்தது உறுத்தியிருக்கலாம். அது எரிச்சல். குறுக்குத்துறையில் ஆற்றில் தண்ணீர் ஏறினால் மலையில் மழையாகவும் இருக்கலாம், பாபநாசத்தில் அணையைத் திறந்தும் இருக்கலாம். படித்துறையில் நின்று தண்ணீரை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. அலுத்தவளுக்கு வேண்டியது வேலையைக் குறைப்பது, உறுத்தலில் இருப்பவளுக்கு வேண்டியது ஒரு வார்த்தை மன்னிப்பு. மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். ‘ம்’ இரண்டையும் பிரித்துக் காட்டாது. பகலில் அவள் தூங்கி எழுந்த பிறகு தனியாகக் கூப்பிட்டால் முதல் இரண்டு வாக்கியத்தில் குரல் காட்டிவிடும். அந்த 56க்கும் 73க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அதுதான்.

அண்ணன் செய்யக் கூடாதது ஒன்று உண்டு, பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். குழுவிலேயே போடுவது. “என்ன எல்லாரும் ஒரு மாதிரியா பதில் போடுதீய, இஷ்டமில்லன்னா சொல்லிருங்க.” அதுவரை சித்திக்கோ தம்பிக்கோ பெரியப்பாவுக்கோ எரிச்சல் இல்லை. இதைப் படித்த பிறகு நான்கு பேருக்கும் வரும். பீடித்தூள் கையோடு பதில் போட்ட சித்திக்குத்தான் முதலில் வரும். அப்புறம் அண்ணன், “பாத்தியளா, அப்பமே நினைச்சேன்” என்பார். அவர் படித்தது சரியாகிப்போனது போலவே தெரியும், ஆனால் அந்தக் கோபம் அவர் எழுதி உண்டாக்கியது.

எதிரணி அக்கா தன் நாத்தனார் கதையைச் சொன்னார். பட்டுச்சேலைப் படம் ஏழு போட்டதற்கு ‘நல்லாருக்கு’ என்று ஒரே சொல் வந்தது, அது பொறாமைதான் என்றார். அக்கா, உங்கள் வீட்டு விஷயத்தில் நான் தலையிடவில்லை. அது பொறாமையாகவே இருக்கட்டும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்தது அந்தச் சொல்லிலிருந்து அல்ல. பல வருஷம் ஒரே அடுப்படியில் நின்று தெரிந்தது. அதே ‘நல்லாருக்கு’ உங்கள் தங்கையிடமிருந்து வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

எதிரணித் தலைவர் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வருஷக்கணக்காக எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ மட்டுமே போடுகிறவர், வருஷக்கணக்காகவே அலுத்துப்போயிருந்தால்? பத்துப் பதில் பார்த்தாலும் நூறு பதில் பார்த்தாலும் விலகல் தெரியாது, என் அளவுகோல் அவரைச் சும்மா தாண்டிப்போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர்களை ‘ஓகே’வை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று அவர் சொன்னதை மறுக்கிறேன். எல்லோரும் போடுகிற அதே ‘ஓகே’தான் அவர்களும் போடுகிறார்கள். வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதை இரண்டு அணியும் இன்னும் சொல்லவில்லை, நடுவர் அண்ணாச்சி அவர்களே.