பிடிஎஃப் சைஸ் குறையவே மாட்டேங்குதா? உங்கள் பக்கம் நாலரை அடி உயரம்!

[திரையில்: ஒரு பிடிஎஃப். 60 எம்பி.]

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கடனுக்குத் தாய்ப்பத்திரத்தை மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள். 20 பக்கம். போனில் போட்டோ எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் பிடிஎஃப் ஆக்கிவிட்டீர்கள். ஒரு பக்கம் 3 எம்பி, மொத்தம் 60 எம்பி. யாரோ சொன்ன கம்ப்ரஸ் கமாண்டைப் போட்டால், அது பாட்டுக்கு ஓடி முடிந்து, 60 எம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபைலைத் திருப்பிக் கொடுக்கிறது. ஏன் குறையவில்லை? அதற்கான விடைதான் இன்றைக்கு, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமும் அதுதான்.

முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம், அதைத் தாண்டினால் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும், ஆனால் பல அலுவலகங்களில் அந்த லிங்க்கைத் திறக்கவே விடமாட்டார்கள். வாங்குகிறவர்களின் சர்வரில் 10 எம்பிதான் என்று இருக்கலாம். அந்த 10-ஐ அப்படியே நம்பி 9.5 எம்பிக்கு ஃபைலைத் தயார் செய்யாதீர்கள். மெயிலில் போகும்போது ஃபைல் எழுத்துகளாக மாற்றப்படுகிறது, ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது, வரி பிரிப்பையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கிவிடும். சர்வர் அளப்பது பெரும்பாலும் அந்த வீங்கிய அளவைத்தான். அதனால் 10 எம்பி என்றால் நம் இலக்கு 7. ஜிப் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, உள்ளே இருக்கும் படங்கள் ஏற்கனவே ஜேபெக்காகச் சுருக்கப்பட்டவை, ஜிப்புக்கு அதில் பிழிவதற்கு எதுவும் மிச்சமில்லை.

[திரையில்: ரீடரில் ஃபைலின் பிராப்பர்ட்டீஸ் பெட்டி.]

சரி, இப்போது அந்த ஃபைலைத் திறந்து பிராப்பர்ட்டீஸில் Page Size என்ற வரியைப் பாருங்கள். A4 என்றால் 8.27 x 11.69 in என்று இருக்க வேண்டும். இங்கே என்ன இருக்கிறது? 41.67 x 55.56 in! அங்குலத்தில்! அதாவது உங்கள் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்றரை அடி அகலம், நாலரை அடிக்கும் மேல் உயரம். பெரிய சைஸ் சினிமா போஸ்டர் மாதிரி 20 தாள்.

இது எப்படி வந்தது? போன் எடுத்த படம் 3000-க்கு 4000 பிக்சல். பிடிஎஃப் உலகத்தில் ஓர் அங்குலம் என்பது 72 பாயின்ட். சில ஆப்கள் யோசிக்காமல் ஒரு பிக்சலை ஒரு பாயின்ட் என்று வைத்துவிடுகின்றன. 4000-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள், 55.56. கணக்கு அவ்வளவுதான்.

சுருக்கும் மென்பொருள் பிக்சல் எத்தனை என்று பார்ப்பதில்லை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்றுதான் பார்க்கிறது. 150-க்குக் குறை என்று நாம் சொல்கிறோம். அது அந்த நாலரை அடித் தாளை அளந்து, "இதில் அங்குலத்துக்கு 72 பிக்சல்தானே இருக்கிறது, 150-ஐ விடக் கம்மி, குறைக்க என்ன இருக்கிறது" என்று படத்தைச் சின்னதாக்காமல் விட்டுவிடுகிறது. அதன் கணக்கில் தப்பே இல்லை. தாளின் அளவுதான் தப்பு! இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அதே படத்தை A4 தாளுக்குள் அடக்கினால் அங்குலத்துக்கு சுமார் 363 பிக்சல் என்று ஆகிவிடும், அப்போது அதற்கே தெரியும் குறைக்க நிறைய இருக்கிறது என்று.

இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில், தாளை A4 ஆக்குவது, படத்தைக் குறைப்பது இரண்டையும் ஒரே கமாண்டில் செய்யலாம். விண்டோஸில் gs என்பதற்குப் பதில் gswin64c என்று போடுங்கள்.

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook \
 -sPAPERSIZE=a4 -dFIXEDMEDIA -dPDFFitPage \
 -o small.pdf big.pdf
```

(விண்டோஸில் வரிக் கடைசியில் இருக்கும் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடியுங்கள்.)

நடு வரிதான் தாளை A4 ஆக்குகிறது. /ebook என்பது 150 பிக்சலைக் குறி வைக்கும். நம் 60 எம்பி ஏறக்குறைய 10 முதல் 15 எம்பிக்குள் வந்துவிடும். ஜிமெயிலுக்கு இது போதும், 7 எம்பி வேண்டும் என்றால் போதாது. அப்போது /ebook-க்குப் பின்னால் இதைச் சேருங்கள்:

```
-dColorImageResolution=120
```

363-க்கு 120 என்றால் நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒன்று. பிக்சல் எண்ணிக்கையோ ஒன்பதில் ஒன்று! 60-ஐ ஒன்பதால் வகுத்தால் ஆறே முக்கால் எம்பி சுமாருக்கு வரும்.

அப்படியானால் /ebook-க்குப் பதில் /screen போட்டு 72-க்கே இறக்கிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து தமிழ் ஆவணத்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

[திரையில்: "க்" என்ற ஒரே எழுத்து, பெரிதாக்கி. இடது பக்கம் 150, வலது பக்கம் 72.]

10 பாயின்ட் எழுத்து 72-ல் மொத்தமே 10 பிக்சல் உயரம். அதற்குள் எழுத்தும் வரணும், தலையில் புள்ளியும் வரணும். புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிக்சல், நல்ல நாளில். ஜேபெக் சுருக்கம் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமானதைத்தான் முதலில் தூக்கி எறிகிறது. அந்த ஒரு பிக்சல் புள்ளி சாம்பல் அழுக்காகி, "க்" வெறும் "க" ஆகிவிடுகிறது. சர்வே எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாது. வலது பக்கத்தைப் பாருங்கள், இதை வைத்து ஒரு நிலத்தை யாராவது அடையாளம் சொல்ல முடியுமா? கோபமே வருகிறது.

அதனால் அனுப்புவதற்கு முன்னால், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகாதீர்கள். இருக்கிறதிலேயே பொடி எழுத்து உள்ள பக்கத்துக்குப் போங்கள், பெரும்பாலும் சொத்து விவரம் இருக்கும் பக்கம், அல்லது சார்பதிவாளர் முத்திரை விழுந்த பக்கம். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, புள்ளிகள் தனியாக நிற்கின்றனவா, முத்திரைக்குள் இருக்கும் ஆண்டைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் 150-க்கே திரும்பிப் போய், பத்திரத்தை இரண்டு மெயிலாகப் பிரித்து அனுப்புங்கள், 1 முதல் 10, 11 முதல் 20 என்று பெயர் வைத்து. அதில் ஒரு தப்பும் இல்லை.

கருப்பு வெள்ளைச் சாம்பல் நிறமாக மாற்றினால் பாதியாகுமே என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ஆகாது. ஜேபெக் நிறத்துக்கு ஏற்கனவே கொஞ்சமாகத்தான் இடம் ஒதுக்குகிறது, கிடைக்கிற லாபம் சிறிது, முத்திரையின் நிறம் போய்விடும்.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். இ-ஆதார், டிஜிட்டல் கையொப்பமிட்ட வில்லங்கச் சான்று மாதிரி ஃபைல்களை இந்தக் கமாண்டுக்குள் விடவே கூடாது. இது பிடிஎஃப்பைப் புதிதாக எழுதுகிறது, கையொப்பம் அழிந்துவிடும், பார்க்க அதே மாதிரி இருந்தாலும் சரிபார்க்க முடியாத வெறும் தாளாகிவிடும். அவற்றைப் பத்திரத்தோடு ஒட்டாமல், டவுன்லோடு செய்தபடியே தனி இணைப்பாக வையுங்கள். உங்கள் ஃபைலில் Page Size என்ன வந்தது என்று கமெண்டில் போடுங்கள், 55 அங்குலத்தைத் தாண்டியது யாரிடம் இருக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.