பத்திரிகை எங்கே என்று கேட்ட பாட்டி

நேயர்களுக்கு வணக்கம். ரெயூனியனில் நம் கடைகளில் விற்கும் பொருளில் ஆபத்து தெரிந்தால், உற்பத்தியாளர் அதைத் திரும்பப் பெற வேண்டும். 2021 ஏப்ரலில் தொடங்கிய ‘ரப்பெல் கொன்சோ’ என்ற பிரெஞ்சு அரசு இணையதளத்தில் இந்த அறிவிப்புகள் பிரெஞ்சில் வருகின்றன. புதுச்சேரியிலிருந்து இங்கே வந்த பெரியவர்களுக்காக அவற்றைத் தமிழாக்குவதுதான் என் பைத்தியம்.

ஒரு சீஸில் லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் இருப்பதாக அறிவிப்பு. அதை ஒருவர் வரிக்கு வரி தமிழாக்கி, கோயில் பலகையில் ஒட்டியிருந்தார்: “மேற்குறிப்பிட்ட பொருளை உட்கொண்டிருக்கக்கூடியவர்களில், தலைவலியுடனோ தனித்தோ காய்ச்சல் காணப்படுபவர்கள் மருத்துவரை அணுகுமாறு அழைக்கப்படுகிறார்கள்.” அதைப் படித்துவிட்டு ஒரு பாட்டி கேட்டார்: “யார் அழைக்கிறார்கள்? பத்திரிகை எங்கே?”

நானும் சிரித்தேன். ஆனால் பாட்டி கேட்டது சரி. ‘அழைக்கிறோம்’ என்பது பிரெஞ்சு அலுவலகத்தின் மரியாதை. பொருளோ, ‘போ’ என்பதுதான். அதோடு, நம் மொழியில் வினை கடைசியில் வரும். வாக்கியம் நீள நீள, செய்ய வேண்டியது பின்னால் தள்ளிப்போகும். ஆகவே நான் உடைத்து எழுதுவேன்:

“இந்தச் சீஸைச் சாப்பிடாதீர்கள். வாங்கிய கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், காய்ச்சல், தலைவலி, உடல்வலி வந்தவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்தச் சீஸைச் சாப்பிட்டதாகச் சொல்லுங்கள். சாப்பிட்ட நாளிலிருந்து எட்டு வாரம் வரை நோய் வரலாம்.”

அந்த எட்டு வாரம் பிரெஞ்சு அறிவிப்பில் பெரும்பாலும் கடைசி வரியில், ‘நோயரும்பு காலம்’ என்ற தோரணையில் ஒளிந்திருக்கும். நம் வீடுகளில், சாப்பிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்தோம் என்று நினைப்போம். அடுத்த மாதம் காய்ச்சல் வரும்போது சீஸ் யாருக்கு நினைவிருக்கும்? நாம் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் தெரியாது. கர்ப்பிணி என்றால் அம்மாவுக்கு லேசான காய்ச்சலாக முடிவதுகூட வயிற்றுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்ற வரியை நான் மேலே ஏற்றிவிடுவேன்.

அறிவிப்பில் இல்லாத ஒரு வரியையும் தனியாகச் சேர்ப்பேன்: “மோந்து பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.” இது கெட்டுப்போன பால் அல்ல, வாடை வராது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் இந்த நுண்ணுயிர் பெருகும்.

அறிவிப்புகளில் வரும் ‘முன்னெச்சரிக்கையாக’ என்ற சொல்லைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதை முதல் வரியில் வைத்தால் “சும்மா சொல்கிறார்கள்” என்று ஆகிவிடும், அவ்வளவுதான். எந்தத் தொகுதியில் தயாரித்தது என்று காட்டும் லாட் எண்ணை மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல், உறையில் உள்ளபடியே எழுதுங்கள். உறையை எறிந்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள், எந்த லாட் என்று தெரியாவிட்டால், அதைச் சாப்பிட வேண்டாம். வணக்கம்.