திரும்பப் பார்த்தார்களா, புரியாமல் பார்த்தார்களா?

வணக்கம். கூட்டு வட்டியைப் பற்றி எட்டு நிமிட வீடியோ ஒன்று, கடைசியில் மூன்று கேள்விகள் கொண்ட ஒரு சின்ன வினாடி வினா என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் வீடியோவைத் தொடங்கினார்கள், 90 பேர் வினாடி வினாவை முடித்தார்கள், அதில் 72 பேருக்கு எல்லாமே சரி. ஆசிரியர் உடனே எண்பது சதவீதம் தேறிவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவார், ஆனால் தொடங்கிய 200 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 36 சதவீதம்தான். நழுவிப்போன 110 பேரில் புரியாமல் போனவர்களும் இருப்பார்கள், ஏற்கெனவே தெரிந்ததால் போனவர்களும் இருப்பார்கள். அதனால் நான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பேன்.

சரி, எங்கே தடுமாறினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடியோவின் ஒவ்வொரு நொடியையும் எத்தனை முறை திரும்ப ஓட்டினார்கள் என்று வரைபடம் போட்டால் சில இடங்களில் மேடு தெரியும். நம் வீடியோவில் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மேடு. அந்த இடம் கடினம் என்று முடிவு கட்டத் தோன்றும், அவசரப்பட வேண்டாம். 2014-இல் எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களிலிருந்து 862 வீடியோக்களை ஆராய்ந்தபோது, இப்படிப்பட்ட மேடுகளில் 61 சதவீதம் திரையில் காட்சி மாறும் இடத்தை ஒட்டியே இருந்தன. விஷயம் சில நேரம் இவ்வளவுதான்: சூத்திரத்தை எழுதி முடிப்பதற்குள் ஸ்லைடு போய்விட்டது, ஆள் பின்னால் ஓட்டிவிட்டார்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை. வினாடி வினாவை முதலில் திறந்து பார்த்துவிட்டு, விடை எங்கே சொல்லப்படுகிறது என்று தேடி வருகிறவர்கள் உண்டு (நானே செய்திருக்கிறேன்). அந்த மேடு பாடத்தைப் பற்றிச் சொல்வதைவிட கேள்வியைப் பற்றித்தான் சொல்கிறது. ஆகவே திரும்பப் பார்த்ததை இரண்டாகப் பிரியுங்கள்: கேள்வியைத் திறப்பதற்கு முன்னால் பார்த்தது, திறந்த பிறகு பார்த்தது. பத்து நொடி பின்னால் போகும் பொத்தானை ஒரே ஆள் பதினைந்து முறை அழுத்தினாலும் மேடு வந்துவிடும் என்பதால், எத்தனை தடவை என்பதை விட்டுவிட்டு எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

முன்னால் பார்த்தவர்களை மட்டும் எடுத்து, அந்த ஐந்தாம் நிமிடத்தோடு தொடர்புள்ள கேள்வியில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். திரும்பப் பார்த்தும் தவறு என்றால் விளக்கம்தான் பிசகு, மாற்றி எடுக்க வேண்டும். திரும்பப் பார்த்ததும் சரியாகச் செய்தார்கள் என்றால் விளக்கத்தில் குறை தேட வேண்டாம், அந்த ஸ்லைடு இன்னும் சில நொடிகள் நிற்கட்டும்.

மாற்றி எடுத்த பிறகு சோதிக்கும்போது பழைய கேள்வியையே கொடுக்காதீர்கள். 10,000 ரூபாய், 8 சதவீதம் என்று இருந்ததை 7,500 ரூபாய், 6 சதவீதம் என்று மாற்றி, முடிந்தால் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். மேடு தணிந்தும் விடை தேறவில்லை என்றால், அந்த இடத்தைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறார்களா என்று அதே வரைபடத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.